பட்டுப்புடவைக்குள் இருப்பது யார்? வரன் படத்தில் திருத்தமும் ஒட்டுவேலையும்

“அக்காவுக்கு வரன் பார்க்கிறோம். ஸ்டூடியோவில் சுடிதாரில் எடுத்த படத்தைப் பட்டுப்புடவை கட்டிய மாதிரி மாற்றி, நிறத்தைக் கூட்டி, முகத்தையும் கொஞ்சம் ஒல்லியாக்கித் தந்திருக்கிறார்கள். ‘எல்லாரும் இப்படித்தான் அனுப்புறாங்க’ என்கிறார் ஸ்டூடியோக்காரர். அம்மாவுக்குப் படம் பிடித்திருக்கிறது, அக்காவுக்குச் சங்கடமாக இருக்கிறது. இதை அனுப்பலாமா? எதுவரை திருத்தினால் சரி? எங்களுக்கு வருகிற மாப்பிள்ளை படங்களில் இந்த வேலை நடந்திருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?”

அந்தப் படத்தை அனுப்ப வேண்டாம். உங்கள் அக்காவின் சங்கடம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று மாற்றங்களும் ஒரே எடை உள்ளவை இல்லை. படத்தைப் பார்த்ததும் எல்லோர் கண்ணிலும் படுவது நிறம். பேச்சும் அதைப் பற்றியேதான் நடக்கும். எதிர்வீட்டாரை அதிகம் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோவது அந்தப் புடவை. ஏன் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் திருத்தம் என்ற வேலையே எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ‘கைவைக்காத படம்தான் உண்மையான படம்’ என்ற இன்னொரு தவறான முடிவுக்குப் போய்விடுவோம்.

கேமராவும் பொய் சொல்லும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி, கேமராவை ஆட்டோ முறையில் வைத்து எடுத்தால், காட்சி முழுவதும் பிரகாசமாக இருக்கிறது என்று கேமரா எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். சுவர் சாம்பலாகும், முகம் இருப்பதைவிடக் கறுக்கும். கறுப்புத் திரைக்கு முன்னால் நிறுத்தினால் நேர் எதிராக முகம் வெளுக்கும். டியூப்லைட்டின் கீழ் தோலில் ஒரு பச்சைச் சாயல் ஏறும், மஞ்சள் பல்பின் கீழ் ஆரஞ்சு ஏறும். தூரமும் முகத்தை மாற்றும். 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கணக்கின்படி, 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்த முகத்தில் மூக்கின் அகலம், 150 சென்டிமீட்டரில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கி, முகம் குறுகித் தெரிவது இதனால்தான். எந்த மென்பொருளும் தொடாமலே ஆள் மாறிப்போகிறார்.

ஆகவே ‘எவ்வளவு திருத்தலாம்’ என்று அளவு கேட்பதைவிட, எந்தத் திசையில் திருத்துகிறோம் என்று பார்ப்பதுதான் வேலைக்கு உதவும். கேமராவும் விளக்கும் செய்த தவறை நீக்கி, ஆளை நோக்கிப் படத்தைக் கொண்டுபோவது ஒரு திசை. ஆளைவிட்டு விலக்கி, வேறொருவரை நோக்கிக் கொண்டுபோவது மறு திசை. இதைச் சோதிக்கச் செலவே இல்லை. காலை பத்து மணிவாக்கில் வெயில் நேராக விழாத ஒரு ஜன்னலோரம் உங்கள் அக்காவை உட்காரச் சொல்லுங்கள். போனின் திரை வெளிச்சத்தை நடுவளவில் வைத்து, இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிட்டு, படத்தை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். முதலில் திருத்தாத படம், பிறகு திருத்திய படம். இரண்டில் எது அவருக்கு அருகில் இருக்கிறது என்று வீட்டில் இல்லாத ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். தினமும் பார்க்கிறவர்களின் கண் பழகிப்போயிருக்கும், அம்மாவின் கண் ஆசையோடு பார்க்கும். பக்கத்து வீட்டுக்காரர் போதும்.

நிறத்தை எடுத்துக்கொள்வோம். ‘லைட்டு கம்மியா இருந்துச்சு, அதான் கொஞ்சம் ஏத்தினேன்’ என்று ஸ்டூடியோக்காரர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையா என்பதை எண்களே சொல்லிவிடும். கணினியில் இருக்கும் பெரும்பாலான ஓவியச் செயலிகளில் நிறம் எடுக்கும் துளிக்குழாய் ஒன்று இருக்கும். அதைப் படத்தில் ஓரிடத்தில் வைத்தால் அந்த இடத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாகக் காட்டும். திருத்தாத படத்திலும் திருத்திய படத்திலும் கன்னம், கழுத்து, பின்னால் இருக்கும் சுவர் ஆகிய மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். புருவத்தையும் நிழல் விழுந்த பக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன். திருத்தாத படத்தில் கன்னம் 142, 98, 74. கழுத்து 136, 94, 71. சுவர் மூன்றிலும் 205. திருத்திய படத்தில் கன்னம் 212, 172, 150. கழுத்து 165, 122, 98. சுவர் 206 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைத்தான் கூட்டினார் என்றால் அது படம் முழுவதற்கும் கூடியிருக்க வேண்டும். கன்னத்தின் சிவப்பு 142-இலிருந்து 212-க்குப் போகிற அளவு வெளிச்சம் ஏறினால், 205-இல் இருந்த சுவர் 255-ஐத் தொட்டு வெறும் வெள்ளையாக வெளிறிப்போயிருக்கும். சுவர் அசையவே இல்லை. கன்னம் மட்டும் ஏறியிருக்கிறது, கழுத்து பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. முகத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து வெளுத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பு கன்னத்தில் நீலம், சிவப்பில் ஏறக்குறையப் பாதி. இப்போது பத்துக்கு ஏழு. வெளிச்சம் கூடும்போது இந்த விகிதம் பெரிதாக மாறாது. வெள்ளையைக் கலந்தால்தான் இப்படி மாறும். வெளுத்த தோல் சுண்ணாம்பு பூசியது போல உயிரில்லாமல் தெரிவதன் காரணமும் இந்த விகிதம்தான். மாநிறத் தோலின் அழகெல்லாம் அந்தச் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இருக்கிறது. அதை வடித்துவிட்டு ‘கலர் ஏத்தியாச்சு’ என்பார்கள்; ஏறியது வெள்ளை மட்டும்தான்.

சுவர், உடை, முகம், கை எல்லாம் ஒரே போக்கில் ஏறியிருந்தால், அது விளக்கின் குறையைச் சரிசெய்தது. ஜன்னல் சோதனையிலும் தேறினால் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது முகத்தை ஒல்லியாக்கியது. இதை லிக்விஃபை என்ற கருவியால் செய்கிறார்கள். படத்தைப் பிசைந்த மாவு போல எண்ணிக்கொண்டு, தாடையை உள்பக்கம் தள்ளுவது. மாவைத் தள்ளினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து நகரும். தாடைக்குப் பின்னால் கதவுச் சட்டமோ கட்டக் கோடுள்ள திரையோ இருந்தால் அந்த இடத்தில் கோடு லேசாக முகத்தை நோக்கி வளையும். ஜிமிக்கியின் ஒரு பக்கம் நசுங்கும். கழுத்துச் சங்கிலி ஒரு பக்கம் திடீரென்று நேராகும். பின்புலம் ஒரே நிறமாக இருக்கும் ஸ்டூடியோப் படத்தில் இதெல்லாம் தெரியாது, அப்போது முகத்துக்குள்ளேயே அளக்க வேண்டும்.

அதற்கு நல்ல அளவுகோல் கருவிழி. வயது வந்தவர்களுக்கு அதன் விட்டம் 11 முதல் 12 மில்லிமீட்டர் வரை. ஆளுக்கு ஆள் மிகக் குறைவாகவே மாறும், ஒரே ஆளுக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறாது. திருத்தாத படத்தில் கருவிழியின் அகலம் 40 புள்ளி, இரண்டு கன்ன எலும்புகளின் வெளியோரத்துக்கு இடைப்பட்ட அகலம் 480 புள்ளி என்றால், முகம் 12 கருவிழி அகலம். திருத்திய படத்தில் கருவிழி 45, முகம் 450 என்றால் முகம் 10 கருவிழி அகலமாகச் சுருங்கிவிட்டது. கண்ணையும் பெரிதாக்கியிருக்கிறார்கள், கன்னத்தையும் தள்ளியிருக்கிறார்கள். அழகூட்டும் ஃபில்ட்டர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே செய்யும் என்பதால் இந்தக் கணக்கில் அவை எளிதில் மாட்டும். ஆனால் இது ஒரே ஆளின் இரண்டு படங்களை, இரண்டும் நேர்முகமாக, ஏறக்குறைய ஒரே தூரத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் மட்டுமே நம்பத்தக்கது. செல்ஃபியில் கண் கேமராவுக்கு அருகிலும் கன்னத்தின் ஓரம் தள்ளியும் இருப்பதால், ஒன்றும் செய்யாமலே இந்த எண் குறையும். கருவிழியைப் பெரிதாகக் காட்டும் கலர் லென்ஸ் போட்டிருந்தாலும் குறையும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு ‘10 வந்தது, அதனால் ஏமாற்று’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி புடவை. ஸ்டூடியோக்களில் ஆயத்த உடல்கள் அடங்கிய தொகுப்பு ஒன்று இருக்கும். ஆண்களுக்குக் கோட்டு சூட்டு, பட்டு வேட்டி சட்டை. பெண்களுக்கு விதவிதமான நிறத்தில் பட்டுப்புடவை, நகையோடு. தலையும் கழுத்தும் இல்லாத உடலாக அவை இருக்கும். உங்கள் படத்திலிருந்து முகத்தைக் கழுத்தோடு வெட்டி அதன்மேல் வைத்து, ஓரத்தை மழுக்கி, முகத்தின் நிறத்தை அந்த உடலின் கைநிறத்துக்கு இழுப்பார்கள். பலமுறை முகம் வெளுக்கப்படுவதற்கே இதுதான் காரணம்: ஆயத்த உடலின் கை வெளுப்பாக இருக்கிறது, அதற்கு முகம் பொருந்த வேண்டும். அதேபோல, அந்த உடல் ஒல்லியாக இருக்கிறது, அதன்மேல் வைத்த முகம் பெரிதாகத் தெரிகிறது, அதனால் முகத்தையும் சுருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் அக்காவின் படத்தில் மூன்று மாற்றம் நடந்ததாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் நடந்தது ஒன்றாகத்தான் இருக்கும். புடவை முதலில் வந்தது, மற்ற இரண்டும் அதன் பின்னால் வந்தன.

இங்கேதான் எதிர்வீட்டார் ஏமாறுகிறார்கள். வெளுத்த முகத்தைப் பார்க்கிறவர் ‘ஸ்டூடியோ கலர், நேரில் ஒரு சுற்று குறையும்’ என்று மனதுக்குள் கழித்துக்கொள்வார். நம் ஊரில் எல்லோரும் பழகிவிட்ட கழித்தல் அது. புடவையை யாரும் கழித்துப் பார்ப்பதில்லை. புடவை கட்டி நிற்கிறாள் என்றே நம்புகிறார்கள். தோளின் அகலம், கையின் பருமன், இடுப்பு, நிற்கும் தோரணை, தலைக்கும் உடலுக்குமான அளவு, அதிலிருந்து மனம் தானாகக் கணக்கிடும் உயரம், இத்தனையும் முகம் தெரியாத ஒரு மாடலுடையவை. உங்கள் அக்காவுடையது கழுத்துக்கு மேலே இருப்பது மட்டும். ஜாதகத்தோடு உயரம் சரியாக எழுதியிருந்தாலும் எண்ணைவிடப் படம்தான் மனதில் தங்கும். பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் தங்கள் மனதில் இருக்கும் அந்த உடலைத் தேடுவார்கள். அந்தத் தேடலையும் அதன் பின்வரும் ஒரு நொடி மௌனத்தையும் தாங்கப்போவது ஸ்டூடியோக்காரரோ அம்மாவோ இல்லை, காப்பித்தட்டோடு நிற்கும் உங்கள் அக்கா. உள்ளபடி இருக்கும் ஒரு பெண்ணைக் குறைந்துபோனவளாக்குவது அந்தப் படம்தான். படம் போகாமல் இருந்திருந்தால் அவரிடம் குறை என்று எதையும் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

செல்ஃபி ஒன்றைக் கொடுத்தால் பட்டுப்புடவையிலோ ஷெர்வானியிலோ படம் தரும் செயலிகளும் இதே வகைதான், ஒரு படி மேலே. அவை முகத்தையும் அப்படியே ஒட்டுவதில்லை, புதிதாக வரைகின்றன. பல்வரிசை, மச்சத்தின் இடம், காதுமடலின் வடிவம் மாறியிருக்கும். ஜாடை இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

அம்மாவுக்குப் புடவையில் பார்க்க ஆசை என்றால் வழி எளிது: அக்கா புடவை கட்டிக்கொண்டு படம் எடுக்கட்டும்.

எதைத் தொடலாம் என்று கேட்டீர்கள். திருத்தும் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் ஒரு வழக்கம் இங்கே நன்றாகப் பொருந்தும்: இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவதை எடுக்கலாம், போகாததை எடுக்கக்கூடாது. பரு, கொசுக்கடி, சவரக் காயம், நெற்றியில் மின்னும் வியர்வை, கலைந்து முகத்தில் விழுந்த முடி, மூக்குக்கண்ணாடியில் விழுந்த விளக்கின் பிரதிபலிப்பு ஆகியவற்றை நீக்கினால் யாரும் ஏமாறமாட்டார்கள். மச்சம், அம்மைத்தழும்பு, வெட்டுத்தழும்பு, பல்லிடுக்கு, கண்ணோரச் சுருக்கம், முன்நெற்றி ஏறியிருப்பது ஆகியவை அவருடைய முகம். எப்போதும் கண்ணாடி போடுகிறவரின் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படம் எடுப்பது தவறில்லை, கண்ணாடியோடு இன்னொரு படம் கூடவே போனால். பருத்தழும்பு இடைநிலை. முழுக்கத் துடைத்து மெழுகாக்காமல், விளக்கு பக்கவாட்டில் விழுந்ததால் ஆழமாகத் தெரியும் நிழலை மட்டும் பாதியாகக் குறைக்கலாம். நேர்வெளிச்சத்தில் எடுத்திருந்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

வெண்புள்ளியைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் திருத்தம்தான் பல வீடுகளில் ரகசியமாகக் கேட்கப்படுகிறது. முழுக்கைச் சட்டைக்குள் இருப்பதைப் படத்தில் காட்டியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவருடைய முடிவு. ஆனால் முகத்திலோ கைவிரலிலோ இருப்பதைப் படத்திலிருந்து அழித்து அனுப்பினால், சொல்லாமல் இருந்தது என்பது போய், இல்லை என்று சொன்னதாகிவிடும். பிறகு நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இனி உங்களுக்கு வரும் படங்கள். மாப்பிள்ளை படத்தில் நிறத்தைவிடத் தலைமுடியும் உயரமும்தான் அதிகம் கைவைக்கப்படும் இடங்கள். முடியை நிரப்பியிருந்தால் முன்நெற்றியின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். இயற்கையான விளிம்பில் மெல்லிய குட்டை முடிகள் சிதறியிருக்கும், அடர்த்தி மெல்ல மெல்லக் கூடும். தூரிகையால் நிரப்பியதில் விளிம்பு ஒரே அடர்த்தியில் கோடு போட்டது போலத் தொடங்கும், உச்சந்தலையில் இருக்கும் மினுமினுப்பு நெற்றியோரத்தில் இருக்காது. உயரத்துக்குப் படத்தையே மேலும் கீழுமாக இழுப்பது பழைய வழி. 165 சென்டிமீட்டர் ஆளை 5 சதவீதம் இழுத்தால் 8 சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலத்துக்கு மேல், கிடைத்துவிடும். முகமும் சேர்ந்து நீள்வதால் ஒல்லியாகவும் தெரிவார். இப்படி இழுத்த படத்தில் வட்டமெல்லாம் முட்டை வடிவாகும். சுவர்க் கடிகாரம், கேமராவைப் பார்த்திருக்கும் கைக்கடிகார முகப்பு, சட்டைப் பொத்தான் ஆகியவற்றின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். படத்தின் நடுப்பகுதியில் இருக்கும் வட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போனின் அகலலென்ஸ், ஓரத்தில் இருப்பதைத் தானாகவே இழுத்துவிடும்.

ஒட்டிய உடலை வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கோட்டின் மடிப்புகளில் நிழல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாக இருந்தால் இரண்டு படங்கள் ஒன்றாகியிருக்கின்றன. முகம் புள்ளி புள்ளியாகச் சற்று மங்கலாகவும், கோட்டின் நெசவு நூல்நூலாகத் தெளிவாகவும் இருப்பது இன்னொரு அடையாளம். காலர் கழுத்தைத் தொடும் இடத்தில் காலரின் நிழல் கழுத்தில் விழாவிட்டால் அதுவும். முழு உருவப் படத்தில் காலடியில் நிழலே இல்லாமல் ஆள் மிதப்பதுபோல் இருந்தால் பின்புலத்தையாவது மாற்றியிருக்கிறார்கள். பின்புலம் மாற்றுவது தன்னளவில் பெரிய குற்றமில்லை, வெளிநாட்டு வீதியை ஒட்டிவிட்டு அங்கே வேலை பார்ப்பதாக நினைக்கவிடாத வரை.

இவற்றில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது முக்கியம். நிழல்கள் எதிரெதிராக விழுவது, பின்னணிக் கோடு முகத்தருகே மட்டும் வளைவது, ஒரே படத்தில் கையும் முகமும் வேறுவேறு ஆளுடையவை போல இருப்பது ஆகியவை வலுவான அடையாளங்கள். அவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் நான் தயங்கமாட்டேன். கை முகத்தைவிடக் கறுத்திருப்பது மட்டும் ஒன்றையும் காட்டாது. வண்டி ஓட்டுகிறவர், வெயிலில் நிற்கிறவர் எல்லோருக்கும் கை அப்படித்தான். தோல் மெழுகு போல வழுவழுப்பாக இருப்பதும் அப்படியே. பல போன்களின் முன்கேமரா, எடுத்தவருக்கே தெரியாமல் தோலை மழுக்கித்தான் சேமிக்கிறது. அவர் உங்களை ஏமாற்ற நினைத்திருக்கமாட்டார், அவருடைய போன் அவரையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறது. படக் கோப்புக்குள் மறைவாகப் பதிந்திருக்கும் விவரங்களைப் பார்த்து ‘இதில் ஃபோட்டோஷாப் என்று எழுதியிருக்கிறது’ என்று சிலர் துப்பறிகிறார்கள். அந்தச் செயலியில் ஓரம் வெட்டிச் சேமித்தாலே அந்தப் பெயர் ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பெரும்பாலான விவரங்கள் நீங்கிவிடும், படமும் சுருக்கப்படும். அதனால் விவரம் இல்லாததும் சந்தேகத்துக்குக் காரணமாகாது. திருத்திய இடத்தை வண்ணமாகக் காட்டுவதாகச் சொல்லும் இணையக் கருவிகள், வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த படத்தில் கண்ட இடத்திலெல்லாம் ஒளிரும். அவற்றை வைத்து ஒரு குடும்பத்தைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

எவ்வளவு உற்றுப்பார்த்தாலும் ஒரே படத்திலிருந்து ஒருவரின் நிறத்தையோ உயரத்தையோ எடையையோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. முழங்கால் உயரத்தில் போனைப் பிடித்து எடுத்தால் எந்தத் திருத்தமும் இல்லாமலே கால் நீண்டுவிடும். ஆகவே துப்பறிவதைவிட இன்னொரு படம் கேட்பது நல்லது, அதுவும் சரியான படமாக. எதிர்வீட்டாரிடம் ‘எடிட் பண்ணாத போட்டோ அனுப்புங்க’ என்றால் சண்டைக்கு இழுத்ததுபோல் ஆகும். ‘சமீபத்துல வீட்டு விசேஷத்துல குடும்பத்தோட எடுத்த போட்டோ ஒண்ணு இருந்தா அனுப்புங்க, எங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் எல்லாரையும் காட்டணும்’ என்று கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், நீங்கள் சொல்வதும் பொய்யில்லை. கூட்டுப்படத்தில் பத்துப் பேரையும் தனித்தனியாகத் திருத்த யாரும் மெனக்கெடுவதில்லை. பக்கத்தில் நிற்கும் அப்பா, தம்பியோடு ஒப்பிட்டு நிறமும் உயரமும் ஓரளவுக்குத் தானாகப் புரியும். வீடியோ அழைப்பு இதைவிட நல்லது, அதிலும் அழகூட்டும் வசதி உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பேசும்போது கையால் முகத்தைத் தொட்டாலோ சட்டென்று பக்கவாட்டில் திரும்பினாலோ ஃபில்ட்டர் ஒரு கணம் நழுவி முகத்தின் ஓரம் துடிக்கும்.

உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். அதே ஸ்டூடியோவுக்கே போகலாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, வருகிறவர்களில் பலர் கேட்பதைக் கேட்காமலே செய்து கொடுக்கப் பழகிவிட்டார்கள். நீங்கள் சொல்ல வேண்டியதை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: ‘அண்ணா, டிரஸ் மாத்த வேண்டாம், முகத்தை ஒல்லியாக்க வேண்டாம், கலர் ஏத்த வேண்டாம். லைட்டும் கலரும் நேர்ல இருக்கற மாதிரி சரி பண்ணி, பரு இருந்தா மட்டும் எடுத்துடுங்க. ஒரிஜினல் ஃபைலும் சேர்த்துக் குடுங்க.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒரிஜினல் கையில் இருந்தால்தான் மேலே சொன்ன ஒப்பீடெல்லாம் செய்ய முடியும். பின்புலத்துக்கு வெள்ளைத் திரை வேண்டாம், நடுத்தரச் சாம்பலோ மங்கிய நீலமோ கேளுங்கள். வெளிச்சத்தைக் கேமரா சரியாகக் கணிக்கும், மாநிறமும் கருநிறமும் அதன்முன் உள்ளபடி அழகாக விழும்.

வீட்டிலேயே எடுப்பதானால், காலை பத்து மணிக்கு அதே ஜன்னலோரம். முகம் ஜன்னலுக்கு நேராக இல்லாமல் சற்றே திரும்பியிருக்கட்டும், அறைவிளக்குகளை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறமும் மறுபாதி வேறு நிறமுமாக வரும். நீங்கள் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில், இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். அழகூட்டும் வசதியைப் பூஜ்யத்தில் வையுங்கள். திரையில் முகத்தைத் தொட்டால் வெளிச்சம் முகத்துக்கேற்ப அமையும். கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும். முழு உருவத்துக்கு மூன்று மீட்டர் பின்னால் போய், போனை அக்காவின் மார்பு உயரத்துக்கு இறக்குங்கள்; அதற்கும் கீழே வேண்டாம்.

மூன்று படம் போதும்: முகம் மட்டும் ஒன்று, புடவையில் முழு உருவம் ஒன்று, வீட்டில் சாதாரண உடையில் சிரித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த ஒன்று. எடுத்த மாதத்தையும் ஆண்டையும் படத்தின் கீழே எழுதுங்கள். உயரத்தைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கவைத்து அளந்து சென்டிமீட்டரில் போடுங்கள். 5 அடி 2 அங்குலம் என்றால் 157. அடியில் எழுதும்போது ஓர் அங்குலம் சேர்த்துவிடும் கை, சென்டிமீட்டரில் சேர்க்கத் தயங்கும்.

எந்தப் படம் போக வேண்டும் என்பதை அக்காவே தேர்ந்தெடுக்கட்டும். அம்மாவுக்குப் பிடித்த அந்தப் பட்டுப்புடவைப் படம் ஏற்கெனவே தரகர் கைக்கோ ஏதாவது ஒரு வீட்டுக்கோ போயிருந்தால், நேரில் வரும்வரை காத்திருக்காதீர்கள். ‘முன்னாடி அனுப்பினது ஸ்டூடியோவுல டிரஸ் மாத்தினது, இது இந்த மாசம் எடுத்தது, இதையே வெச்சுக்கோங்க’ என்று ஒரு வரியோடு புதுப் படத்தை அனுப்பிவிடுங்கள். தரகரிடம் பழையதை அழித்துவிடச் சொல்லுங்கள், அடுத்த வீட்டுக்கு அதுவே போய்விடாமல் இருக்க.